ஏழு அணிகள், ஏழு ஞாயிறுகள்



பாபநாசத்திற்கும் கூத்தாநல்லூருக்கும் இடையே, காவிரியின் கிளையாறுகள் பாயும் நெல்வயல்களுக்கு நடுவில் இருக்கும் ஏழு ஊர்களின் இளைஞர்கள் சேர்ந்து கால்பந்து லீக் ஒன்றை நடத்துகிறார்கள். ஊருக்கு ஓர் அணி. கோப்பை சிறியதுதான். ஆனால் அந்த ஏழு ஊர்களும் ஒன்றுக்கொன்று பெண் கொடுத்து, பெண் எடுத்த ஊர்கள். மைதானத்தில் ஏற்படும் மனத்தாங்கல் மறுநாளே நிக்காஹ் வீட்டுப் பந்திக்கு வந்து சேர்ந்துவிடும். ஆகையால் யார் யாரோடு, எந்த நாளில், எந்த ஊரில் ஆடுவது என்னும் அட்டவணையை ஒருவரும் குறை சொல்ல முடியாதபடி எழுத வேண்டியிருக்கிறது. சில ஆண்டுகளாக அந்தப் பொறுப்பு என்னிடம் இருந்து வருகிறது.

அட்டவணை எழுத உட்காரும்போதெல்லாம் இளைஞர்கள் முதலில் கேட்பது ஒன்றுதான்: "மாமா, எட்டாவதா ஒரு அணியைப் பிடிச்சிரலாமா?" ஏழு என்பது ஒற்றைப்படை எண். எப்படி இணை சேர்த்தாலும் ஓர் அணி மிஞ்சும். மிஞ்சுகின்ற அணி அந்த வாரம் சும்மா இருக்கும். இது ஒரு குறை, எட்டு அணிகள் இருந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்பது அவர்கள் எண்ணம். உண்மை இதற்கு நேர்மாறானது. எல்லாரும் எல்லாரோடும் ஒருமுறை ஆடும் லீக்கில், ஒற்றைப்படை எண்ணிக்கைதான் இரட்டைப்படையைவிட நியாயமான அட்டவணையைத் தருகிறது. அது எவ்வாறு என்பதையும், அந்த நியாயம் எந்த இடத்தில் முடிந்துபோகிறது என்பதையும் விளக்குவதே இக்கட்டுரை.

முதலில் எண்ணிக்கையைப் பார்ப்போம். ஏழு அணிகள் ஒவ்வொன்றும் மற்ற ஆறோடு ஆட வேண்டும். ஏழையும் ஆறையும் பெருக்கிப் பாதியாக்கினால் 21 ஆட்டங்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமையில் ஆறு அணிகள்தான் ஆட முடியும் என்பதால் வாரத்திற்கு மூன்று ஆட்டங்கள். ஆக ஏழு ஞாயிறுகள். எட்டு அணிகள் இருந்தால் 28 ஆட்டங்கள், வாரத்திற்கு நான்கு. அதற்கும் ஏழு ஞாயிறுகள்தான் வேண்டும். எட்டாவது அணியைச் சேர்ப்பதால் ஒரு வாரம்கூட மிச்சமாவதில்லை.

வாரத்திற்கு ஒரு மைதானத்தில் ஓர் ஆட்டம் என்பதும் எங்கள் பகுதியில் தானாகவே அமைந்துவிட்ட கணக்கு. கோடையில் அஸர் ஜமாஅத் முடிந்து, வெயில் சற்றுத் தாழ்ந்த பின் ஐந்து மணிக்குத் தொடங்கினால், பாதிக்கு முப்பது நிமிடம் வீதம் ஆடி, இடைவேளையும் சேர்த்து ஆறேகால் மணிக்குள் முடித்துவிடலாம். ஆறரை மணியளவில் மஃரிப். ஒரே மாலையில் இரண்டாவது ஆட்டத்திற்கு இடமில்லை. எனவே மூன்று ஆட்டங்கள் மூன்று ஊர்களில் ஒரே நேரத்தில் நடக்கின்றன. இதனால்தான் 'யாருடைய மைதானம்' என்ற கேள்வி எழுகிறது. களிமண் வெடிப்பில் ஓடிப் பழகியவர்களுக்கு மணல் தரை புதிது. சொந்த ஊரில் ஆடும்போது தெருவே வந்து நின்று குரல் கொடுக்கும். சொந்த மைதான ஆட்டங்களைச் சமமாகப் பங்கிடாத அட்டவணையில் தோற்ற அணி, தோல்விக்கு அதையே காரணமாகச் சொல்லும். அதில் நியாயமும் இருக்கும்.

அட்டவணை எழுத வட்டம் போடும் முறை ஒன்று உண்டு. சதுரங்கப் போட்டிகளில் நூறாண்டுகளுக்கு மேலாகப் பயன்பட்டு வரும் அட்டவணைகளும் இவ்வகையினவே. ரிச்சர்டு ஷூரிக் என்பவர் 1886இல் அவற்றை அமைத்தார். ஆஸ்திரியச் சதுரங்க வீரர் யோகான் பெர்கர் பின்னர் அவற்றைப் பரவச் செய்ததால் அவர் பெயரே நிலைத்துவிட்டது. அங்கே வெள்ளைக் காய், கறுப்புக் காய் என்பது, இங்கே நமக்குச் சொந்த மைதானம், வெளி மைதானம்.

ஒரு தாளில் வட்டம் போட்டு, கடிகார எண்களைப் போல 1 முதல் 7 வரை சம இடைவெளியில் எழுதிக்கொள்ளுங்கள். முதல் ஞாயிறு 1ஆம் எண் அணிக்கு ஓய்வு. அதற்கு இருபுறமும் ஒட்டி இருக்கின்ற 2ம் 7ம் ஒன்றோடொன்று ஆடட்டும். அவற்றுக்கு அடுத்து இருபுறமும் உள்ள 3ம் 6ம் ஆடட்டும். அவற்றுக்கும் அடுத்துள்ள 4ம் 5ம் ஆடட்டும். முதல் ஞாயிறு முடிந்தது. இரண்டாம் ஞாயிறு 2ஆம் எண்ணுக்கு ஓய்வு. அதன் இருபுறமும் 3ம் 1ம், பிறகு 4ம் 7ம், பிறகு 5ம் 6ம். இப்படியே ஓய்வை ஒவ்வோர் இடமாக நகர்த்திக்கொண்டு போனால் ஏழு ஞாயிறுகளில் ஒவ்வோர் அணிக்கும் ஒரே ஓர் ஓய்வு கிடைக்கும். எந்த இரண்டு அணிகளும் ஒருமுறைக்கு மேல் சந்திக்க மாட்டா. யாரும் யாரையும் சந்திக்காமல் விடவும் மாட்டார்கள்.

அடுத்து மைதானம். ஓய்வில் இருக்கும் அணியிலிருந்து கடிகார முள் சுற்றும் திசையில் எண்ணுங்கள். முதலாவதாக, மூன்றாவதாக, ஐந்தாவதாக வருகின்ற அணிகள் சொந்த ஊரில் ஆடும். இரண்டாவது, நான்காவது, ஆறாவது அணிகள் வெளியூர் செல்லும். முதல் ஞாயிறு 1க்கு ஓய்வு என்பதால் 2, 4, 6 ஆகியவை சொந்த மைதானத்தில் ஆடுகின்றன. 3, 5, 7 பயணம் போகின்றன. இந்த விதிப்படி எழுதிய முழு அட்டவணை இது. ஒவ்வோர் இணையிலும் முதலில் உள்ள எண் சொந்த மைதானத்தில் ஆடும் அணி.

முதல் ஞாயிறு: 2–7, 4–5, 6–3. ஓய்வு 1.
இரண்டாம் ஞாயிறு: 3–1, 5–6, 7–4. ஓய்வு 2.
மூன்றாம் ஞாயிறு: 4–2, 6–7, 1–5. ஓய்வு 3.
நான்காம் ஞாயிறு: 5–3, 7–1, 2–6. ஓய்வு 4.
ஐந்தாம் ஞாயிறு: 6–4, 1–2, 3–7. ஓய்வு 5.
ஆறாம் ஞாயிறு: 7–5, 2–3, 4–1. ஓய்வு 6.
ஏழாம் ஞாயிறு: 1–6, 3–4, 5–2. ஓய்வு 7.

இதில் 4ஆம் எண் அணியை மட்டும் தொடர்ந்து பாருங்கள். முதல் வாரம் சொந்த ஊர், அடுத்தது வெளியூர், பிறகு சொந்த ஊர், பிறகு ஓய்வு, பிறகு வெளியூர், சொந்த ஊர், வெளியூர். மூன்று ஆட்டங்கள் உள்ளே, மூன்று வெளியே. எங்கும் தொடர்ந்து இரண்டு முறை வெளியூர்ப் பயணம் இல்லை. மற்ற ஆறு அணிகளுக்கும் இதே ஒழுங்குதான். காரணம் எளிது. ஓய்வு வாரந்தோறும் ஓரிடம் முன்னே நகர்வதால், ஓய்விலிருந்து எண்ணும்போது ஓர் அணிக்குக் கிடைக்கும் எண்ணிக்கை வாரந்தோறும் ஒன்று குறைகிறது. இந்த வாரம் மூன்றாவதாக இருந்த அணி அடுத்த வாரம் இரண்டாவது, அதற்கடுத்து முதலாவது, பிறகு ஓய்வு, அதன்பின் ஆறாவது, ஐந்தாவது, நான்காவது. ஒற்றை, இரட்டை, ஒற்றை, ஓய்வு, இரட்டை, ஒற்றை, இரட்டை. மாறி மாறி வருவது தானாகவே நடக்கிறது.

எட்டு அணிகள் இருந்தால் இதைச் செய்யவே முடியாது. ஒவ்வோர் அணிக்கும் ஏழு ஆட்டங்கள். ஏழைச் சரிபாதியாகப் பிரிக்க வழியில்லை. நான்கு அணிகளுக்கு நான்கு சொந்த மைதான ஆட்டங்கள், மற்ற நான்குக்கு மூன்றுதான் கிடைக்கும். அதோடு, எவ்வளவு திறமையாக எழுதினாலும் குறைந்தது ஆறு இடங்களில் ஏதேனும் ஓர் அணி அடுத்தடுத்து இரண்டு முறை உள்ளேயோ இரண்டு முறை வெளியேயோ ஆட நேரும். மேலே உள்ள அட்டவணையில் எட்டாவது அணியை, வாராவாரம் ஓய்வில் இருக்கும் அணியோடு ஆடுமாறு சேர்த்துப் பாருங்கள். 4ஆம் எண் அணி மூன்றாம் வாரம் உள்ளே, ஐந்தாம் வாரம் வெளியே ஆடுகிறது. நடுவில் வரும் புதிய ஆட்டத்தை உள்ளே வைத்தால் முந்தியதோடு சேர்ந்து இரண்டு. வெளியே வைத்தால் பிந்தியதோடு சேர்ந்து இரண்டு. ஓய்வு வாரம் இருந்ததால்தான் அந்த ஒழுங்கு குலையாமல் இருந்தது.

பெரிய போட்டிகளிலும் இதற்கு ஓர் உதாரணம் உண்டு. 2011இல் ஐ.பி.எல். பத்து அணிகளோடு நடந்தது. எல்லாரும் எல்லாரோடும் இருமுறை ஆடினால் லீக் சுற்றில் மட்டும் 90 ஆட்டங்கள் ஆகும் என்பதால், அணிகளை இரண்டு குழுக்களாகப் பிரித்து, சிலரோடு இரண்டு ஆட்டம், சிலரோடு ஓர் ஆட்டம் என்று அணிக்குப் பதினான்காக வைத்தார்கள். அடுத்த ஆண்டு கொச்சி அணி இல்லாமல் ஒன்பது அணிகள். அப்போது ஒவ்வோர் அணியும் மற்ற எட்டோடும் உள்ளே ஒன்று, வெளியே ஒன்று என 16 ஆட்டங்கள் ஆடியது. லீக் சுற்றில் மொத்தம் 72. ஓர் அணி குறைந்த ஆண்டில்தான் எல்லாருக்கும் ஒரே அளவுகோல் கிடைத்தது.

அட்டவணையை எழுதி முடித்தபின் பிழை இருக்கிறதா என்று பார்க்க ஒரு சிறு சோதனை உண்டு. ஒவ்வோர் இணையின் இரு எண்களையும் கூட்டுங்கள். ஒரே ஞாயிற்றின் மூன்று கூட்டுத்தொகைகளும் சமமாக இருக்க வேண்டும், அல்லது ஏழு வித்தியாசத்தில் இருக்க வேண்டும். முதல் ஞாயிறு 9, 9, 9. இரண்டாம் ஞாயிறு 4, 11, 11. வேறு ஏதாவது எண் வந்தால் அந்த வரியில் கை தவறியிருக்கிறது என்று பொருள். பல ஆண்டுகளுக்கு முன் பக்கத்து ஊர் ஒன்றில் நடந்த போட்டியில் கையால் குத்துமதிப்பாக எழுதிய அட்டவணையில் ஓர் அணிக்கு இரண்டு ஓய்வும், இன்னோர் அணிக்கு ஓய்வே இல்லாமலும் வந்திருந்தது. நான்காம் வாரம் வரை ஒருவரும் கவனிக்கவில்லை. கவனித்தபோது, அதை வேண்டுமென்றே செய்ததாக ஒரு தெரு நம்பியது. அந்த ஆண்டுப் போட்டி அத்தோடு நின்றது.

இனி இந்த முறையின் குறைகளுக்கு வருவோம். முதலாவது, எளிதில் கண்ணில் படாதது. அட்டவணையில் 1ஆம் எண் அணியோடு ஆடியவர்களைப் பின்தொடருங்கள். இரண்டாம் ஞாயிறு 3ஆம் எண் அணி 1ஐச் சந்திக்கிறது. மூன்றாம் ஞாயிறு 5ஆம் எண் 1ஐச் சந்திக்கிறது. அடுத்த வாரமே அந்த 5 ஆடுவது 3ஓடு. நான்காம் ஞாயிறு 7 சந்திக்கிறது. அடுத்த வாரம் 7 ஆடுவதும் 3ஓடு. பிறகு 2, பிறகு 4, அவையும் அவ்வாறே. 1ஆம் எண் அணி முரட்டுத்தனமாக ஆடி எதிரணியைக் காயத்தோடு அனுப்பும் அணியானால், அதன் பலனை ஒவ்வொரு முறையும் 3ஆம் எண் அணியே அனுபவிக்கும். பெல்ஜியம் நாட்டு லீக் ஆட்டங்களை ஆராய்ந்தவர்கள், முடிவுகளை இது மாற்றியதாகத் தெரியவில்லை என்றே எழுதியிருக்கிறார்கள். ஆனால் ஊரில் சந்தேகம் எழுவதற்கு ஆராய்ச்சி தேவைப்படுவதில்லை.

இதற்கு மாற்று, எண்களை யாரும் தேர்ந்தெடுக்காமல் இருப்பது. அட்டவணையை எண்களாகவே எழுதி, ஒட்டி, எல்லாரும் படித்த பின், ஏழு அணித் தலைவர்களின் முன்னிலையில் சீட்டுக் குலுக்கி எந்த ஊருக்கு எந்த எண் என்று முடிவு செய்கிறோம். வரிசை முக்கியம்: முதலில் அட்டவணை, பிறகு சீட்டு. சீட்டுப் போடுவது கூடுமா என்று ஒரு சகோதரர் கேட்டார். பணத்தை வைத்து ஆடும் சூது வேறு, சம உரிமை உள்ளவர்களுக்கிடையே யாருக்கு முந்தி என்று தீர்மானிக்கும் சீட்டு வேறு. நபி (ஸல்) அவர்கள் பயணம் புறப்படும்போது தம் மனைவியரில் யார் உடன் வருவது என்பதைச் சீட்டுக் குலுக்கியே முடிவு செய்தார்கள் என்று அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவித்த ஹதீஸ் நாம் அறிந்ததுதான்.

இரண்டாவது குறை பெரியது. அதை எந்த அட்டவணையாலும் நீக்க முடியாது. கடைசி ஞாயிறன்று ஓர் அணி ஓய்வில் இருந்தே ஆக வேண்டும். நம் அட்டவணையில் அது 7ஆம் எண். அந்த அணி தன் ஆறு ஆட்டங்களையும் முடித்துவிட்டு, மற்றவர்கள் ஆடுவதைக் கைகட்டிப் பார்த்துக்கொண்டிருக்கும். மற்றவர்களுக்கோ எத்தனை கோல் போதும் என்பது ஆட்டத்திற்கு முன்பே தெரிந்திருக்கும்.

இதன் ஆபத்தை உலகம் 1982 உலகக் கோப்பையில் பார்த்தது. அல்ஜீரியா மேற்கு ஜெர்மனியை 2–1 என்று தோற்கடித்து, தன் மூன்று ஆட்டங்களையும் ஜூன் 24 அன்றே முடித்துவிட்டது. மறுநாள் ஸ்பெயினின் கிகோன் நகரில் மேற்கு ஜெர்மனியும் ஆஸ்திரியாவும் மோதின. ஜெர்மனி ஒன்று அல்லது இரண்டு கோல் வித்தியாசத்தில் வென்றால் இருவருமே அடுத்த சுற்றுக்குப் போகலாம், அல்ஜீரியா வெளியேறும். பத்தாவது நிமிடத்தில் ஜெர்மனி ஒரு கோல் அடித்தது. அதன்பின் இரு அணிகளும் பந்தைச் சும்மா உருட்டிக்கொண்டிருந்தன. அல்ஜீரியா வெளியேறியது. 1986 முதல் ஒரு குழுவின் கடைசி ஆட்டங்கள் ஒரே நேரத்தில் தொடங்குகின்றன. அங்கே நான்கு அணிகள் இருந்ததால் நேரத்தை மாற்றியே தீர்வு காண முடிந்தது. ஒற்றைப்படைக் குழுவில் அதுவும் முழுத் தீர்வாகாது. 2026 உலகக் கோப்பையை மும்மூன்று அணிகள் கொண்ட 16 குழுக்களாக நடத்த எண்ணியிருந்த ஃபிஃபா, 2023 மார்ச்சில் அதைக் கைவிட்டு நந்நான்கு அணிகள் கொண்ட 12 குழுக்களுக்குத் திரும்பியது. மூவர் குழுவில் கடைசி ஆட்டத்தின்போது ஒருவர் வெளியே உட்கார்ந்திருப்பார், ஆடும் இருவரும் முடிவைப் பேசி வைத்துக்கொள்ளலாம் என்ற அச்சம் அத்திட்டத்தின் மீது தொடக்கத்திலிருந்தே இருந்தது.

நீக்க முடியாததைக் குறைக்கத்தான் முடியும். நாங்கள் மூன்று விதிகளை முன்கூட்டியே எழுதி வைக்கிறோம். முதலாவது, கடைசி ஞாயிற்றின் மூன்று ஆட்டங்களும் ஒரே நிமிடத்தில் தொடங்கும். ஓர் ஊரில் தாமதமானால் மற்ற இரண்டும் காத்திருக்கும். இரண்டாவது, இரண்டு அணிகள் சம புள்ளியில் நின்றால் கோல் வித்தியாசத்தைப் பார்க்கும் முன், அவ்விரண்டும் தமக்குள் ஆடிய ஆட்டத்தின் முடிவைப் பார்ப்போம். கோல் வித்தியாசத்தை மூன்றாம் அணி ஒன்றின் தயவால் கூட்டிக்கொள்ளலாம். தமக்குள் ஆடி முடித்த ஆட்டத்தை யாராலும் மாற்ற முடியாது.

மூன்றாவது விதி எங்கள் ஊர்களின் வாழ்க்கையிலிருந்து வந்தது. ஊரில் மௌத்து ஏற்பட்டால் அன்று அங்கே ஆட்டம் இல்லை. சித்திரையில் திடீர் மழை பெய்து தரை சேறாவதும் உண்டு. தள்ளிப்போன ஆட்டத்தை 'ஓய்வு வாரத்தில் வைத்துக்கொள்ளலாம்' என்பது எல்லாருக்கும் முதலில் தோன்றும் யோசனை. அது நடக்காது. இரண்டு அணிகளின் ஓய்வும் ஒரே ஞாயிறில் வருவதில்லை. ஒன்று சும்மா இருக்கும்போது மற்றது ஆடிக்கொண்டிருக்கும். ஆகவே ஆறாம் சுற்றுக்கும் ஏழாம் சுற்றுக்கும் இடையில் ஒரு ஞாயிறைக் காலியாக விடுகிறோம். நின்றுபோன ஆட்டம் எதுவானாலும் அன்றைக்குள் முடிந்துவிட வேண்டும். இல்லையென்றால் கடைசி ஞாயிறுக்குப் பிறகு ஓர் ஆட்டம் மிஞ்சும். கிகோனில் நடந்தது நம் வயல்வெளியிலும் நடக்கும்.

காலி ஞாயிறையும் சேர்த்தால் எட்டு வாரங்கள். சம்பா அறுவடை முடிந்து, நெல் தரிசில் விதைத்த உளுந்தும் பயறும் எடுத்து, நோன்புப் பெருநாளும் கழிந்த பின் தொடங்கி, மேட்டூர் அணை திறக்க வேண்டிய ஜூன் 12க்கு முன் இந்த எட்டையும் முடிக்க வேண்டும். ஷவ்வால் பிறை பிறந்த பின் நாள்காட்டியை எடுத்து ஞாயிறுகளை எண்ணினால் இடம் இருக்கிறதா இல்லையா என்பது தெரிந்துவிடும். இடம் போதவில்லை என்றால் எட்டாவது அணியைத் தேடிப் பயனில்லை. அதற்கும் அதே ஏழு சுற்றுகள்தான். அப்போது வாரநாள் மாலை ஒன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் ஊரில் ஐந்து அணிகளோ ஒன்பது அணிகளோ இருந்தாலும் இதே வட்டம், இதே எண்ணும் விதி பொருந்தும். ஐந்துக்கு ஐந்து வாரம், அணிக்கு உள்ளே இரண்டு, வெளியே இரண்டு; ஒன்பதுக்கு ஒன்பது வாரம், உள்ளே நான்கு, வெளியே நான்கு. எண்களைக் கூட்டும் சோதனையில் மட்டும் ஏழு வித்தியாசம் என்பதற்குப் பதில் ஐந்து, ஒன்பது என்று வைத்துக்கொள்ளுங்கள். வரும் பருவத்திற்கு இன்ஷா அல்லாஹ் முயன்று பாருங்கள். கடைசி வாரம் எந்த எண்ணுக்கு ஓய்வு என்பதைச் சீட்டு எடுக்கும் முன்பே எல்லாருக்கும் உரக்கப் படித்துக் காட்டிவிடுங்கள்.